கோட் சூட்டா, தையற்கடையா?

ராஜபாளையத்திலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். மகனுக்குச் சென்னையில் வேலை கிடைத்துவிட்டது. பிடித்தம் போகக் கைக்கு 19,000 ரூபாய் வரும், அடுத்த மாதம் 3-ஆம் தேதி சேர வேண்டும். சந்தோஷமாகப் பேச ஆரம்பித்தவர் இரண்டாவது நிமிடத்திலேயே விஷயத்துக்கு வந்தார்: "எங்க அண்ணன், முதல் நாளே கோட் சூட்டில் போனால்தான் மதிப்புன்னு சொல்றார் சார். துணிமணிக்கு இருபத்தஞ்சாயிரமாவது ஆகுமாம். ஒரு வளையலை வைக்கலாமான்னு பார்க்கிறேன்."

அம்மா, வளையலை வைக்காதீர்கள். தவணையிலும் வாங்க வேண்டாம். முதல் சம்பளம் வருவதற்கே ஒரு மாதம் ஆகும். அதுவரை ஹாஸ்டல் முன்பணமும் சாப்பாட்டுச் செலவும் உங்கள் கையிலிருந்துதான் போகும். உடுப்புக்கு ஒன்பதாயிரம் ஒதுக்குங்கள், அதற்கு மேல் ஒரு ரூபாய் வேண்டாம்.

உங்கள் அண்ணன் சொல்லும் கோட் சூட்டைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலை 14,000 என்று வையுங்கள். வேலையில் சேரும் நாள், ஒரு கல்யாணம், என்றாவது வெளிநாட்டு வாடிக்கையாளர் வந்தால் ஒரு நாள் என்று சென்னை வெயிலில் வருடத்துக்கு நான்கு தடவை போட்டால் அதிகம். ஹாஸ்டல் சாப்பாட்டில் இரண்டு வருடத்தில் உடம்பு மாறிவிடும். அதற்குள் எட்டுத் தடவை போட்டிருப்பான். ஒவ்வொரு முறையும் டிரை கிளீனிங்குக்கு 400. ஆக மொத்தம் 17,200. எட்டால் வகுத்தால் ஒரு தடவை உடுத்த 2,150 ரூபாய்! (என்னிடமும் ஒரு கோட் இருக்கிறது. மூன்று மச்சான்களின் கல்யாணத்துக்கு இரவல் போய் வந்ததால்தான் அதன் கணக்கு கொஞ்சம் இறங்கியது.)

விலையோடு துவைக்க, தேய்க்க ஆகும் செலவையும் கூட்டி, எத்தனை நாள் உடுத்துவோமோ அந்த எண்ணால் வகுப்பதுதான் இந்தக் கணக்கு. இதில் விலையைவிட வகுக்கும் எண்தான் முக்கியம். ஒரு துணி எத்தனை நாள் தாங்கும், எதனால் போகும் என்று தெரிந்தால்தான் அந்த எண் கிடைக்கும்.

சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை வியர்வைக்கு ஒரு நாள் போட்டால் துவைத்தே ஆக வேண்டும். தேய்த்துத் தேய்த்துத் துவைப்பதில் முதலில் போவது காலர் மடிப்பு. ஐந்நூறு ரூபாய்ச் சட்டையானாலும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்ச் சட்டையானாலும் காலர் நையும் காலத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆகவே சட்டையில் மிச்சம் பிடியுங்கள். பருத்தி அதிகம் கலந்த நான்கு சட்டை, வெளிர் நிறத்தில், போதும்.

பேன்ட் அப்படி இல்லை. இரண்டு நாள் போட்டுத் துவைக்கலாம், கருநீலமோ சாம்பலோ எந்தச் சட்டைக்கும் பொருந்தும். மூன்று பேன்ட் இருந்தால் ஒவ்வொன்றையும் மாதம் ஏழு தடவை, வருடத்தில் எண்பது தடவைக்கு மேல் உடுத்துவான். இங்கேதான் செலவழிக்க வேண்டும். ஆனால் ஷோரூமில் அல்ல, உங்கள் தெருமுனைத் தையற்கடையில்.

இப்போது யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. துணிக்கடையில் பேன்ட் பிட் கேளுங்கள். 58 இஞ்ச் அகலத் துணி என்றால் 1.3 மீட்டர் தாராளம். பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்த துணி பார்க்க நன்றாக விழும், சுலபத்தில் கசங்காது. வாங்குமுன் ஒரு மூலையைக் கைக்குள் இறுக்கி, இருபது எண்ணி, விடுங்கள். சுருக்கம் தானாகத் தளர்ந்தால் எடுக்கலாம். வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரிகிற துணி வேண்டாம். முழுப் பருத்தி என்றால் தைக்கக் கொடுக்கும் முன்பே ஒரு இரவு நீரில் ஊறவைத்து நிழலில் காயப்போட வேண்டும். இல்லாவிட்டால் தைத்த பிறகு சுருங்கும்.

டெய்லரிடம் நான்கு விஷயம் சொல்ல வேண்டும். பின்பக்க நடுத்தையலில் ஒவ்வொரு பக்கமும் ஒரு இஞ்ச் துணி உள்ளே விடச் சொல்லுங்கள். இடுப்பு பெருத்தால் பிரித்து விரிக்கலாம். கால் மடிப்பில் இரண்டரை இஞ்ச் விடட்டும். பாக்கெட்டுக்குக் கெட்டியான காட்டன் துணி போடட்டும், ஏனென்றால் சாவியும் போனும் முதலில் ஓட்டை போடுவது அங்கேதான். நான்காவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்: தொடைகள் சேரும் கவட்டிப் பகுதியில் உள்பக்கம் ஒரு துண்டு வைத்து இரட்டைத் தையல் போடச் சொல்லுங்கள். பேன்ட் பெரும்பாலும் கிழிவது தொடை உரசும் அந்த இடத்தில்தான்.

அளவு கொடுக்கும்போது ஆபீசுக்குப் போடப்போகும் ஷூவோடு நிற்கட்டும். முதலில் ஒன்று மட்டும் தைக்கக் கொடுங்கள். போட்டுப் பார்க்கும்போது உட்காரச் சொல்லுங்கள், குனியச் சொல்லுங்கள். ஜிப்புக்கு இரு பக்கமும் மீசை மாதிரி குறுக்குச் சுருக்கம் விழுந்தாலோ, பக்கப் பாக்கெட் வாய் பிளந்து நின்றாலோ பிருஷ்டத்தில் இறுக்கம் என்று அர்த்தம். அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். இரண்டு நாள் உடுத்திப் பார்த்து, சரி என்று பட்ட பிறகு அடுத்ததை வெட்டலாம். வெட்டிய துணியைக் கடையில் திருப்பித் தர முடியாது. தையலில் உள்ள ஒரே ஆபத்து அதுதான்.

துணி 600, தையற்கூலி 550 என்றால் ஒரு பேன்ட் 1,150. முதல் வருடத்திலேயே ஒரு தடவைக்கு 14 ரூபாய்க்குள் வந்துவிடும். துவைக்க, தேய்க்கச் சேர்த்தாலும் இருபதுதான். அளவு நோட்டில் இருப்பதால் அடுத்த பேன்ட்டுக்குத் தம்பி ஊருக்கு வரக்கூடத் தேவையில்லை. நீங்களே துணி எடுத்துக் கொடுக்கலாம்.

சேருவதற்கு முன் இரண்டு பேன்ட், நான்கு சட்டை, ஒரு ஷூ, பெல்ட், காலுறை, இவ்வளவு போதும். மூன்றாவது பேன்ட்டை முதல் சம்பளம் வந்த பிறகு தைக்கலாம். ஆபீசில் எல்லோரும் டீ-ஷர்ட்டில் உட்கார்ந்திருந்தால் அதையும் தைக்க வேண்டியதில்லை.

தம்பியிடமும் பேசினேன். "முழுக்கை சட்டையை உள்ளே விட்டு, கோட் வேற போட்டா மூச்சு முட்டும் சார். எனக்கு நல்ல ஷூ மட்டும் போதும். ரயில்ல இருந்து இறங்கி இருபது நிமிஷம் நடக்கணும்" என்றான். தினமும் நடக்கப்போகிறவன் சொல்கிறான், அவன் சொல்வதுதான் சரி. ரெக்சின் ஷூ சில மாதத்தில் உரியும், பசை போட்டு ஒட்டிய அடி மழைத் தண்ணீரில் வாய் பிளக்கும். தோல் ஷூவாக, அடியைச் சுற்றித் தையல் ஓடியதாகப் பாருங்கள். தேய்ந்தால் செருப்புத் தைப்பவர் புது அடி போட்டுத் தருவார். விலை 2,800 ஆனாலும் இரண்டு வருடத்தில் ஐந்நூறு நாள் போடுவான், நாளுக்கு ஆறு ரூபாய்கூட ஆகாது. நல்ல மழை நாளுக்குக் கல்லூரியில் போட்ட பழைய ஷூ இருக்கட்டும். நனைந்த தோலை ஒரு நாளாவது காயவிட வேண்டும்.

உங்கள் அண்ணன் ஏதாவது செய்தே தீருவேன் என்றால் மறுக்காதீர்கள். கோட்டுக்குப் பதில் ஷூ அவர் செலவாக இருக்கட்டும். தம்பியை அழைத்துக்கொண்டு சாயங்காலமாகக் கடைக்குப் போகச் சொல்லுங்கள். நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். அப்போது பொருந்துவதுதான் ஆபீஸ் முடிந்து திரும்பும்போதும் கடிக்காது.