ஓசூர் விடுதிப் பெண்களுக்குத் தனிச் சத்துமாவு: போடலாமா, வேண்டாமா?

"கிருஷ்ணகிரியில கேழ்வரகு சத்துமாவு அரைச்சு அரைக்கிலோ பாக்கெட்டா விக்கிறோம். ஓசூர்ல விடுதியில தங்கி கம்பெனிக்குப் போற பொண்ணுங்களுக்குன்னு தனியா 30 கிராம் பாக்கெட் போடலாமா?"

முதலில் எண்ணுங்கள். "நிறைய பேர் இருக்காங்க" என்பது கணக்கு ஆகாது. விடுதி விடுதியாகப் போய்ப் படுக்கைகளையும், உள்ளே விற்க வார்டன் சம்மதிப்பாரா என்பதையும் ஒரே நோட்டில் குறியுங்கள். கேட்டில் நிறுத்திவிடும் விடுதியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அந்தக் கூட்டம் போதுமா என்பதைச் செலவிலிருந்து பின்னோக்கிப் பாருங்கள். உதாரணமாக, சின்ன பாக்கெட்டுக்கான கூடுதல் செலவு மாதம் 18,000 ரூபாய், ஒரு பாக்கெட்டில் நிற்பது 3 ரூபாய் என்றால் 6,000 பாக்கெட் விற்றாக வேண்டும். ஒருவர் மாதம் 12 வாங்கினால் 500 பேர். எட்டில் ஒருவர்தான் வாங்குவார் என்றால் 4,000 படுக்கைகள். நோட்டில் 2,500தான் தேறினால் இந்தத் திட்டம் நிற்காது.

பலர் சோதிக்காமல் விடுவது அடுத்ததைத்தான்: இவர்கள் உண்மையிலேயே வேறு மாதிரி வாங்குகிறார்களா? இரண்டு வாரம், இரண்டு அளவையும் விடுதியிலும் ஊர் மளிகைக் கடையிலும் வையுங்கள், ஒவ்வொரு அளவுக்கும் இரு இடத்திலும் ஒரே விலை. விடுதியில் அடுப்பு கிடையாது, வெந்நீர் மட்டும்தான். அதனால் வறுத்து, வெந்நீரில் கலக்கினாலே குடிக்கும்படியான மாவையே இரு இடத்திலும் வையுங்கள். விடுதியில் பத்துக்கு எட்டுப் பேர் சின்னதை எடுத்து, கடையில் இரண்டு பேர்தான் எடுத்தால் அது தனிப் பிரிவு. இரு இடத்திலும் சின்னதே ஓடினால் விடுதிக்கென்று தனிப் பெயரும் விளம்பரமும் வீண்செலவு. எல்லாக் கடைக்கும் அதையே போடுங்கள். முதல் வார விற்பனையை மட்டும் நம்பாதீர்கள், புதுசு என்று வாங்குவார்கள். இரண்டாம் வாரம் திரும்ப வந்தவர்களை எண்ணுங்கள்.