ரத்த டெஸ்ட்ல ஹெச். பைலோரி பாசிட்டிவ், அப்பாவுக்கு வயித்து கேன்சர்: இப்ப என்ன பண்ணணும்?

"டாக்டர், அப்பா போன வருஷம் வயித்து கேன்சர்ல தவறிட்டார், 61 வயசு. எனக்கு 38. ரெண்டு வருஷமா நெஞ்செரிச்சல், மேல்வயிறு உப்புசம், தினமும் காலைல பான்டோபிரசோல் 40 போட்டுட்டு இருக்கேன். லேப்ல ரத்தம் குடுத்ததுல ஹெச். பைலோரி ஐஜிஜி பாசிட்டிவ்னு வந்துருக்கு. எனக்கும் கேன்சர் வருமா? தம்பியும் என் பசங்களும் (9, 5 வயசு) டெஸ்ட் எடுக்கணுமா?"

முதல்ல அந்த ரிப்போர்ட்டை ஓரமா வைங்க. ஹெச். பைலோரிங்கறது வயித்துல வாழற ஒரு பாக்டீரியா கிருமி; ஐஜிஜிங்கறது அந்தக் கிருமிக்கு எதிரா உங்க உடம்பு தயார் பண்ணின ஆன்டிபாடி, கிருமி செத்து வருஷக்கணக்கா ஆனாலும் அது ரத்தத்துல சுத்திக்கிட்டே இருக்கும், அதனால 'எப்பவோ வந்துச்சு'ன்னு சொல்லுமே தவிர 'இப்ப இருக்கு'ன்னு சொல்லாது. இதை மட்டும் வச்சு ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கறது சரியில்ல. அப்படி ஆரம்பிச்சுட்டு என்கிட்ட வர்றவங்க நிறைய, முடிச்ச அப்புறம் அதே டெஸ்ட்டைத் திரும்ப எடுத்து இன்னும் பாசிட்டிவ்வா இருக்கேன்னு பயந்து ரெண்டாவது கோர்ஸும் போட்டவங்க கூட உண்டு.

கேன்சர் பயத்துக்கு வர்றேன். இந்தக் கிருமியை 1994லயே உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு நிறுவனம் கேன்சர் உண்டாக்குற முதல் குரூப்ல சேத்துடுச்சு. ஆனா கிருமி இருக்கறவங்க 100 பேர்ல வாழ்நாள்ல கேன்சர் வர்றது ஒண்ணுல இருந்து மூணு பேருக்குத்தான். சின்ன வயசுல வீட்டுக்குள்ளயே தொத்திக்கும், வயித்துச் சவ்வுல நாள்பட்ட அழற்சி, அப்புறம் சவ்வு தேய்ஞ்சு மெலிஞ்சு போறது, அப்புறம் வயித்துச் சவ்வு குடல் சவ்வு மாதிரி மாறுறது, கடைசில சிலருக்கு கேன்சர், இப்படி பல வருஷம் எடுத்து மெதுவா போகும். உப்புல ஊறின அயிட்டம், புகை போட்ட இறைச்சி, புகையிலை இதெல்லாம் கூட சேந்தா ரிஸ்க் ஏறும். நம்ம நாட்டுல மிசோரம்ல வயித்து கேன்சர் அதிகமா இருக்கறதுக்கு இதெல்லாம் காரணம்னு சொல்றாங்க. நம்ம சென்னைலயும் ஆம்பளைங்களுக்கு வர்ற முக்கியமான கேன்சர்ல இது ஒண்ணு.

அப்பாவுக்கு வந்துருக்கறதால உங்க ரிஸ்க் மத்தவங்களை விட ரெண்டு மூணு மடங்கு, அதுதான் உங்க கேஸை வித்தியாசப்படுத்துது. தென்கொரியால உங்களை மாதிரியே அப்பா அம்மா, கூடப்பிறந்தவங்க யாருக்காவது வயித்து கேன்சர் இருந்தவங்களை வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2020ல வெளியிட்டாங்க. கிருமியைக் கொல்ற மருந்து குடுத்த குரூப்ல சுமார் ஒன்பது வருஷத்துல 1.2 சதவீதம் பேருக்கு கேன்சர், டம்மி மாத்திரை குடுத்தவங்கள்ல 2.7. எனக்கு முக்கியமா பட்டது வேற ஒரு கணக்கு: கிருமி போயிடுச்சுன்னு டெஸ்ட்ல உறுதியானவங்கள்ல 0.8, போகாம இருந்தவங்கள்ல 2.9. மாத்திரை முழுங்கினது முக்கியமில்ல, கிருமி போச்சான்னு பாத்ததுதான் முக்கியம், இதை நம்ம ஊர்ல நிறைய பேர் செய்யறதே இல்ல.

சரி, உங்களுக்கு. எரிச்சல் இருக்கு, அப்பாவுக்கு கேன்சர், அதனால வெறும் மூச்சு டெஸ்ட்டோட நிறுத்தாம எண்டோஸ்கோப்பி பண்ணிடுங்க, வயித்தோட கீழ்ப்பகுதி, நடுப்பகுதி ரெண்டுல இருந்தும் பயாப்ஸி எடுக்கச் சொல்லுங்க. சவ்வு தேஞ்சுருக்கா மாறிருக்காங்கறது அதுலதான் தெரியும், கிருமியும் அதுலயே தெரிஞ்சுடும். ஒரு துண்டை மஞ்சளா இருக்கற ஜெல்லுல போடுவாங்க, கிருமி இருந்தா அதோட யூரியேஸ் என்ஸைம் யூரியாவை உடைச்சு அம்மோனியா உண்டாக்கி ஜெல் ரோஸ் கலரா மாறும், நிறைய பேருக்கு எண்டோஸ்கோப்பி ரூம்லயே மாறுறதைப் பாக்கலாம்.

இதுல ஒரு வில்லங்கம், உங்க பான்டோபிரசோல். ஆசிட் குறைஞ்சா கிருமி எண்ணிக்கை குறையும், கீழ இருந்து மேல நடுப்பகுதிக்கு இடமும் மாறிடும், டெஸ்ட் நெகட்டிவ்வா வந்துடும், ஆனா கிருமி உள்ளயேதான் இருக்கும். போன மாசம் ஒரு பேக்கரி மாஸ்டர், தினமும் மாத்திரை போட்டுட்டே எண்டோஸ்கோப்பி பண்ணி ஜெல் மஞ்சளாவே இருந்துருக்கு, 'கிருமி இல்ல'ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க, ரெண்டு வாரம் மாத்திரையை நிறுத்திட்டு மூச்சு டெஸ்ட் எடுத்தா பாசிட்டிவ். அதனால டெஸ்டுக்கு 14 நாள் முன்னாடியே பான்டோபிரசோல் நிறுத்திடணும், ஆன்டிபயாடிக், இல்ல பிஸ்மத்ங்கற வயித்து மருந்து ஏதாவது போட்டிருந்தா 4 வாரம் இடைவெளி விடணும். அந்த 14 நாள் எரிச்சல் முன்னாடியை விட அதிகமா இருக்கலாம், அதைத் தாங்க ஆன்டாசிட் சிரப் குடிக்கலாம், டெஸ்ட் அன்னைக்கு மட்டும் வேண்டாம். மலம் கறுப்பா தார் மாதிரி போறது, ரத்த வாந்தி, முழுங்க கஷ்டம், காரணமில்லாம எடை குறையறது, இதுல எது இருந்தாலும் இந்த 14 நாள் கணக்கெல்லாம் பாக்காதீங்க, உடனே போங்க.

பாசிட்டிவ்னா மருந்து 14 நாள். ஆசிட் குறைக்கற மாத்திரை ரெண்டு வேளை, கூட ரெண்டு ஆன்டிபயாடிக், பெரும்பாலும் பிஸ்மத்தும் சேத்து. கடைல கிட்டா கிடைக்கறதுல கிளாரித்ரோமைசின் இருக்கும், அதுக்கு எதிர்ப்பு வளந்துட்டதால முன்ன மாதிரி கேக்கறதில்ல. சளிக்கு மூணு நாள் அசித்ரோமைசின் அடிக்கடி போட்டிருந்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, ரெண்டும் ஒரே குடும்பம், கிளாரித்ரோமைசினும் கேக்காம போகலாம். பென்சிலின் அலர்ஜியும், கொலஸ்ட்ரால் மாத்திரையும் சொல்ல வேண்டிய விஷயம். பிஸ்மத் போட்டா மலமும் நாக்கும் கறுக்கும், இது மருந்தால வர்றது, பயந்து அஞ்சாம் நாள் நிறுத்தினா கிருமி மருந்துக்குப் பழகிடும். ஆனா மலம் பிசுபிசுன்னு தார் மாதிரி நாத்தத்தோட போனாலோ தலை சுத்தினாலோ அது வேற, போய்க் காட்டுங்க. வாய் கசக்கும், வயிறு கலக்கும், மெட்ரோனிடசோல் இருந்தா மதுவைத் தொடவே கூடாது.

முடிச்சு குறைஞ்சது 4 வாரம் கழிச்சு, கடைசி 2 வாரம் பான்டோபிரசோல் இல்லாம, மூச்சு டெஸ்ட்டோ மல ஆன்டிஜென் டெஸ்ட்டோ எடுங்க. ரத்த டெஸ்ட் வேண்டாம். மொத்தம் கணக்கு போட்டா 2 + 2 + 4 வாரம், ரெண்டு மாசம் ஆகும், காலண்டர்ல இன்னைக்கே குறிச்சு வைங்க. போகலைன்னா வேற மருந்து காம்பினேஷன். பயாப்ஸில சவ்வு குடல் மாதிரி மாறிருக்குன்னு வந்தா, கிருமி போன பிறகும் ரிஸ்க் பூஜ்யம் ஆகாது, எவ்வளவு பரவியிருக்குன்னு பாத்து மூணு வருஷத்துக்கு ஒரு தடவை எண்டோஸ்கோப்பி சொல்லுவாங்க.

தம்பி கண்டிப்பா எடுக்கணும், அவருக்கும் அதே அப்பாதானே. தொந்தரவே இல்லைன்னா மூச்சு டெஸ்ட்டே போதும், சி-13 யூரியா குடிச்சுட்டு அரை மணி நேரம் கழிச்சு பையில ஊதணும், அவ்வளவுதான். இதே டெஸ்ட்டுல இன்னொரு வகையான சி-14 மாத்திரைல சின்ன அளவு கதிர்வீச்சு இருக்கு, அதனால கர்ப்பிணிங்களுக்கு அது வேண்டாம்.

பசங்களுக்கு இப்ப வேண்டாம். வயித்து வலி, ரத்தசோகைனு எதுவும் இல்லாத பிள்ளைங்களை டெஸ்ட் பண்றதில்ல, அந்த வயசுல கேன்சர் ரிஸ்க் கிட்டத்தட்ட இல்ல, ஆன்டிபயாடிக் தொந்தரவுதான் மிஞ்சும். பெரியவங்க ஆனதும் தாத்தா விஷயத்தை அவங்க டாக்டர்கிட்ட சொல்லட்டும்.