குழந்தை சோப்புக்கு என்ன பெயர் வைக்கலாம்?

அன்புள்ள ஐயா,

நானும் அக்காவும் ஈரோடு பக்கம் தேங்காய் எண்ணெயில் குழந்தைகளுக்கான சோப்பும், உடம்பில் தேய்க்கும் எண்ணெயும் செய்கிறோம். ‘சேஃப் பேபி’, ‘அமுது’, ‘பிஞ்சு’, ‘தளிர்’ என்று நான்கு பெயர்கள் யோசித்திருக்கிறோம். பார்த்ததும் அம்மாக்களுக்கு மென்மையானது, பயமில்லை என்று தோன்ற வேண்டும். எதை வைக்கலாம்?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

என் தேர்வு ‘தளிர்’.

‘அமுது’ வேண்டவே வேண்டாம். அது ஊட்டுகிற பொருளுக்கான பெயர். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கிரைப் வாட்டரும் சொட்டு மருந்தும் எண்ணெயும் ஒரே அலமாரியில்தான் இருக்கும். நடுராத்திரியில் அரைத்தூக்கத்தோடு எழுந்த பாட்டி அந்த பாட்டிலை எடுத்துப் பாலாடையில் ஊற்றிவிட முடியும். எண்ணெய் குழந்தையின் மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா வரை போகலாம். எந்தப் பெயர் வைத்தாலும் எண்ணெய் பாட்டிலில் ‘வெளிப்பூச்சுக்கு மட்டும்’ என்று பெரிதாக அச்சிடுங்கள்.

‘சேஃப் பேபி’க்குச் சிக்கல் சட்டத்தில் இருக்கிறது. பொருளின் தரத்தையும் பயனையும் மட்டுமே சொல்லும் பெயர்களுக்கு 1999 வணிகச் சின்னச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு தடை போடுகிறது. பதிவு கிடைக்காவிட்டால் பக்கத்து ஊர்க்காரர் அதே பெயரில் சோப்பு போட்டாலும் தடுப்பது கடினம். பயமில்லை என்ற எண்ணத்தை லேபிளில் இருக்கும் பொருள் பட்டியலும் உரிம எண்ணும் தயாரித்த தேதியும் தரட்டும்.

மென்மையை ஓசையிலேயே கொண்டுவரலாம். ‘ஆராரோ ஆரிரரோ’வைச் சொல்லிப் பாருங்கள், ஒரு வல்லெழுத்துகூட இல்லை. ‘பிஞ்சு’வில் வல்லினம் இருந்தாலும் ஞகரத்துக்குப் பின்னால் வரும் சு குழைந்துவிடுகிறது. பொருளும் அழகு, பிஞ்சுக் கை, பிஞ்சுக் கால் என்றுதானே கொஞ்சுகிறோம்? ஆனால் பேச்சில் ‘பிய்ந்து’ என்பதும் ‘பிஞ்சு’தான். ‘செருப்பு பிஞ்சிடும்’ என்று திட்டுகிற ஊரில் இந்தப் பெயரை வைத்தால் கடைக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளே கேலி செய்துவிடுவார்கள். பேச்சுமொழியில் சொல்லிப் பார்க்காமல் எந்தப் பெயரையும் முடிவு செய்யாதீர்கள்.

‘தளிர்’ இந்தச் சோதனையில் தேறுகிறது. முதலெழுத்து வல்லினம்தான், ஆனாலும் நாக்கு பல்லைத் தொட்டு மெதுவாக விலகுகிறது. அடுத்த இரண்டும் இடையினம். ழகரம் இல்லாததால் கடைக்காரரிடம் போனில் சொன்னாலும் குழப்பம் வராது.

நல்ல பெயர் என்பதாலேயே வேறு யாராவது முந்தியிருக்கக்கூடும். லேபிள் அச்சடிக்கும் முன் வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் சோப்பு, அழகுப் பொருள்களுக்கான 3-ஆம் வகுப்பில் தேடுங்கள். Thalir, Talir, Thaleer என்று எல்லா எழுத்துக்கூட்டலிலும் பாருங்கள், ஒலி ஒத்த பெயர்களும் தடையாகும். இருந்தால் ‘இளந்தளிர்’ என்று முன்னால் ஒட்டித் தப்பிக்கப் பார்க்காதீர்கள், அதற்கும் ஆட்சேபம் வரலாம். இல்லையென்றால் உடனே விண்ணப்பித்துவிடுங்கள். சோப்புக்கு ஒன்று, எண்ணெய்க்கு ஒன்று என்று தனிப் பெயர் தேடவும் வேண்டாம். தளிர் குளியல் சோப்பு, தளிர் தேய்ப்பு எண்ணெய் என்றால் போதும்.