பைப்பில் ஐஸ் பிடித்தால் காஸ் நிரப்பி என்ன பயன்?

கேள்வி: கல்முனையில் ஏசியைப் போட்டுக்கொண்டு புறப்பட்டால் களுவாஞ்சிக்குடி வரை நல்ல குளிர். அதன் பின் வெறும் காற்றுத்தான் வருகிறது. பொனட்டைத் திறந்தால் அலுமினியப் பைப்பில் ஐஸ் பிடித்திருக்கிறது. பத்து நிமிடம் நிறுத்திவிட்டுப் போட்டால் மறுபடியும் குளிர்கிறது. இரண்டு முறை காஸ் நிரப்பிவிட்டேன். இப்போது கம்ப்ரசரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்குக் கம்ப்ரசரில் எவரையும் கை வைக்க விடாதீர்கள். நீங்கள் சொல்லும் போக்கு, காஸ் ஓடும் பாதைக்குள் தண்ணீர் புகுந்ததன் அடையாளம். உயர் அழுத்தத்தில் வரும் திரவக் காஸ், எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித்துளை போன்ற வழியால் பிதுங்கி வெளியேறும்போதுதான் குளிர் பிறக்கிறது. வாகனம் சிறிது நேரம் ஓடியதும் அவ்விடத்தின் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்க, உள்ளிருக்கும் சில துளித் தண்ணீர் அங்கேயே உறைந்து துளையை அடைத்துவிடுகிறது. நிறுத்தியதும் எஞ்சின் சூட்டில் அது உருகுகிறது, குளிர் திரும்புகிறது.

ஆனால் இதே போலத் தோன்றும் இன்னொரு பழுது உண்டு. குளிர் குறையும் நேரத்தில் காற்று வரும் துவாரத்தில் கையை வைத்துப் பாருங்கள். காற்றின் வேகம் குறையாமல் சூடாக மட்டும் வந்தால் அடைப்பு வால்வில் இருக்கிறது. காற்றே மெலிந்து போனால், டாஷ்போர்டுக்குள் இருக்கும் குளிர்விப்பானின் மேற்புறம் ஐஸ் மூடியிருக்கிறது. அதற்கு அழுக்கேறிய கேபின் ஃபில்டரையும் வெப்பநிலை சென்சரையும் பார்க்க வேண்டுமே தவிர வால்வை அல்ல.

கராஜில் இதை உறுதிப்படுத்துவது கடினமல்ல. சாதாரணக் கார்களில், நம் வெயிலில் தாழ் அழுத்தப் பக்கம் ஏறத்தாழ 30 முதல் 40 பிஎஸ்ஐ காட்ட வேண்டும். அடைத்தவுடன் அது பூச்சியத்தை நோக்கி, சில வேளை அதற்கும் கீழே, சரியும். அப்போது சுடுநீரில் நனைத்த துணியை வால்வின் மேல் சுற்றினால் ஓரிரு நிமிடத்தில் முள் மேலேறும். ஏறாவிட்டால் அடைத்திருப்பது ஐஸ் அல்ல, தூசியோ உலோகத் துகளோதான்.

தண்ணீர் எப்படிப் புகுந்தது என்று கேட்டால், பெரும்பாலும் அந்தக் காஸ் நிரப்பலால்தான் என்பேன். ஒரு சிறிய டின்னும் குழாயும் வைத்திருப்பவர் எவரும் இங்கே ஏசி வேலைக்காரர் ஆகிவிடலாம். தராசு உண்டா, வெற்றிடப் பம்ப் உண்டா என்று கேட்பார் இல்லை. கசிவைத் தேடாமல், கடலோரத்தின் ஈரக்காற்று நிறைந்த குழாயை அப்படியே மாட்டிக் காஸை ஏற்றினால், ஈரமும் சேர்ந்தே உள்ளே போகும். அதைவிட மோசமானது 'கசிவு அடைக்கும்' மருந்து கலந்த டின். அக்கரைப்பற்றிலிருந்து என்னிடம் வந்த ஒரு வேனில், அந்த மருந்து ஈரத்தோடு சேர்ந்து இறுகி, வால்வின் வாயில் காய்ந்த பசை போல ஒட்டியிருந்தது. அதற்கும் முதலில் கம்ப்ரசரைத்தான் மாற்றச் சொல்லியிருந்தார்கள். பழைய கம்ப்ரசர் விற்கும் இடத்திலிருந்து சொன்னவருக்குத் தரகு கிடைக்கும். வால்வை மாற்றினால் என்ன கிடைக்கும்?

செய்ய வேண்டியது இதுதான். காஸை இயந்திரத்தால் உறிஞ்சி எடுத்து, வால்வையும் ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரையும் ரப்பர் வளையங்களையும் புதிதாக இட வேண்டும். ட்ரையரை மாற்றாமல் வால்வை மட்டும் மாற்றுவது வீண் செலவு. பின்னர் குறைந்தது 45 நிமிடம் வெற்றிடப் பம்பை ஓடவிட்டால், உள்ளே எஞ்சிய ஈரம் ஆவியாகி வெளியேறும். பம்பை நிறுத்திய பின்னும் முள் அசையாமல் நின்றால் கசிவு இல்லை எனலாம். காஸைப் பொனட்டின் அடியில் ஒட்டியுள்ள லேபிள் சொல்லும் கிராம் கணக்கில், தராசில் வைத்தே நிரப்ப வேண்டும். வால்வுக்குப் பதில் ஓரிஃபிஸ் குழாய் உள்ள வாகனங்களிலும் வழி இதுவே.

உங்களுடையது ஹைபிரிட் என்றால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அதன் கம்ப்ரசர் மின்சாரத்தால் ஓடுவது. மின்சுருள்கள் எண்ணெயோடு கூடிய காஸுக்குள்ளேயே இருக்கின்றன. அதற்கெனத் தயாரிக்கப்பட்ட பிஓஇ வகை எண்ணெயே அங்கு பொருந்தும். சாதாரணக் கார்களின் பிஏஜி எண்ணெய் சிறிதளவு கலந்தாலும் மின்காப்பு பலவீனமடைந்து, ஏசியைக் கணினியே நிறுத்திவிடலாம். எண்ணெய் கலந்த டின்னையும், மற்றக் கார்களுக்குப் பயன்படுத்திய கழுவாத குழாயையும் கிட்டவே விடாதீர்கள். புதிய ரப்பர் வளையத்தில் தடவும் துளி எண்ணெய்கூட பிஓஇ ஆகவே இருக்கட்டும்.

அதுவரை ஏசியைப் போடாமல் ஓட்டுங்கள். கம்ப்ரசருக்கு எண்ணெய் காஸோடுதான் திரும்பி வருகிறது, அடைப்பு நீடித்தால் அது வறண்டு தேயும். கழற்றிய வால்வைக் கேட்டு வாங்கி அதன் வாயை ஒரு வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். மினுங்கும் உலோகப் பொடி உதிர்ந்தால் மட்டும், கம்ப்ரசரைப் பற்றி அவர்கள் சொன்னதை நம்பலாம்.