கண்ணீர்க் கடலில் இருந்து இஞ்ச் டேப்புக்கு

“அப்பா இறந்து ஒரு வருடம் ஆகிறது. தையல்காரராக இருந்தார். அவரைப் பற்றிக் கவிதை எழுதத் தொடங்கினேன். முதல் வரி: ‘உன் நினைவுகள் நெஞ்சில் அலைமோத, கண்ணீர்க் கடலில் தத்தளிக்கிறேன்.’ படித்த நண்பர், தேய்ந்த வரி என்று சொல்லிவிட்டார். ஆனால் என் துக்கம் உண்மைதானே? இதை எப்படி மாற்றி எழுதுவது?”

துக்கம் உண்மைதான். ஆனால் அது வரிக்குள் வந்து சேரவில்லை. ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். உங்கள் வரியில் அப்பாவை எடுத்துவிட்டுக் காதலியை வையுங்கள், பிரிந்துபோன நண்பனை வையுங்கள், இடம் மாறிப் போன ஆசிரியரை வையுங்கள். வரி அசையாமல் நிற்கும். யாருக்கும் பொருந்துகிற சட்டை அது. உங்கள் அப்பா அப்படித் தைத்திருக்க மாட்டார்.

இந்த இடத்தில் பலரும் செய்கிற தவறு, பழைய உவமையைத் தூக்கிவிட்டு யாரும் சொல்லாத ஒன்றைத் தேடுவது. ‘கண்ணீர்க் கடல்’ போய் ‘கண்ணீர் எரிமலை’ வரும். புதுசுதான். ஆனால் அப்போதும் அப்பா வரவில்லை. உவமையைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள்.

நம்மிடம் பழைய கருவி ஒன்று இருக்கிறது. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று தொல்காப்பியம் பிரிப்பதைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். முதல் என்றால் இடமும் பொழுதும். கரு என்றால் அங்கே இருக்கும் பொருள்கள், உயிர்கள், தொழில். உரி என்றால் உணர்வு. உங்கள் வரியில் உரி மட்டுமே இருக்கிறது. எந்த இடம், எந்தப் பொழுது, கையில் என்ன இருந்தது, ஒன்றும் இல்லை. கடல் வருகிறதே என்பீர்கள். அந்தக் கடலில் உப்பும் இல்லை, மீன் நாற்றமும் இல்லை. பெயருக்குத்தான் கடல்.

எனவே உணர்வைத் தொடாமல் மற்ற இரண்டையும் முதலில் நிரப்புங்கள். ஒரு தாளில் அப்பாவின் கடையை எழுதுங்கள். கவிதையாக வேண்டாம், பற்றுவரவு எழுதுகிற மாதிரி. உங்கள் அப்பாவை எனக்குத் தெரியாது. எங்கள் தெருமுனைத் தையல்கடையை வைத்து எழுதிக் காட்டுகிறேன்; உங்கள் சரக்கை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

காதில் செருகிய பென்சில். விரல் நுனியில் சாக்பீஸ் தூள். மெஷின் எண்ணெய் வாசம். நீளமாகத் தைக்கும்போது காலால் மிதிப்பார். ஓரத்துக்கு வந்ததும் மிதியை விட்டுவிட்டுக் கடைசி நாலைந்து தையலைக் கையால் சக்கரத்தை உருட்டிப் போடுவார். கழுத்தில் இஞ்ச் டேப், அதன் நுனியில் தகரம். அளவு நோட்டில் ஆளுக்கொரு பக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு இஞ்ச் கூடுதலாகத் துணி விட்டு உள்ளே மடித்துத் தைப்பார்.

சரி, இதிலிருந்து எதை எடுப்பது? முதலில் கை போவது மெஷின் மேல்தான்:

உன் தையல் மெஷின்
மூலையில் மௌனமாக உறங்குகிறது.

கண்ணால் பார்க்கக்கூடிய பொருள்தான், ஆனாலும் வரி தேய்ந்தது. இறந்தவரின் நாற்காலி, மூக்குக்கண்ணாடி, ஓய்ந்துபோன மெஷின் எல்லாமே ஆயிரம் அஞ்சலிகளில் வந்து போனவை. பொருளைச் சொல்லிவிட்டால் மட்டும் காட்சி வந்துவிடாது. அந்தப் பொருளோடு அவர் மட்டும் செய்த ஒரு காரியம் வேண்டும். மெஷின்தான் வேண்டும் என்றால் ‘உறங்குகிறது’ என்பதை விட்டுவிட்டு, கையால் உருட்டிய அந்த நாலைந்து தையலைப் பிடியுங்கள்.

அடுத்து வருவது இப்படி இருக்கும்:

எண்ணெய் வாசமும் புதுத்துணி மணமும்
வெண்ணிறச் சாக்பீஸ் தூளும் படிந்த
உன் சொரசொரப்பான அன்புக் கரங்கள்…

ஐம்புலனும் வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்ததன் விளைவு. மூன்று வரி போயும் ஒன்றும் நடக்கவில்லை. அடைமொழிகள் வரிசை கட்டி நிற்கின்றன, வினைச்சொல் வந்து சேரவே இல்லை. தமிழில் வினை கடைசியில் வருவதால் இந்தப் பொறி நமக்குக் கொஞ்சம் பெரியது; அடைமொழியை அடுக்கிக்கொண்டே போகலாம், வாக்கியம் தாங்கும், படிப்பவர் தாங்க மாட்டார். ‘அன்புக் கரங்கள்’ என்று பழைய சட்டையும் உள்ளே நுழைந்துவிட்டது.

ஒரு புலன் போதும். ஒரே ஒரு பொழுதும் போதும். அந்தப் பட்டியலில் நான் எடுப்பது டேப் நுனியில் இருக்கும் தகரம். காரணம், அது கண்ணுக்கானது இல்லை, தோலுக்கானது. அளவு கொடுக்க நின்ற பிள்ளைக்கு மட்டும் தெரிந்தது. பொழுது, பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம்.

பள்ளி திறக்க ஒரு வாரம்.
டேப்பின் தகர நுனி பிடரியில் சில்லென்றது.
“மூச்ச இழுக்காதடா, விடு.”
அளவுக்கு மேல் ஒரு இஞ்ச் எழுதிக்கொண்டாய்.

இந்த வருடம் கடையில் வாங்கிய சட்டை
கச்சிதமாக இருக்கிறது.

இதில் கண்ணீர் இல்லை, நினைவு என்ற சொல்லே இல்லை. பிள்ளை வளருவான் என்று துணி விட்டுத் தைத்த ஆள் இப்போது இல்லை என்பதைக் ‘கச்சிதம்’ சொல்கிறது. பேச்சு வரியில் ‘டா’ இருப்பதைக் கவனியுங்கள். உங்கள் அப்பா ‘தம்பி’ என்றோ ‘பாப்பா’ என்றோ கூப்பிட்டிருந்தால் அதுதான் வர வேண்டும். என் ‘டா’ உங்களுக்கு உதவாது.

எழுதி முடித்ததும் கை துறுதுறுக்கும். ‘அந்த ஒரு இஞ்ச்தான் உன் பாசம் என்று இன்று புரிந்தது’ என்று ஒரு வரி சேர்க்கத் தோன்றும். சேர்த்துவிட்டு, ஒரு நாள் கழித்து அதைக் கையால் மறைத்துக்கொண்டு படியுங்கள். மறைத்தும் விஷயம் புரிந்தால் அந்த வரி போகலாம். புரியவில்லை என்றால் விளக்கத்தைக் கூட்டாதீர்கள், மேலே காட்சியில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. பெரும்பாலும் பொழுதுதான் விட்டுப்போயிருக்கும். ‘பள்ளி திறக்க ஒரு வாரம்’ இல்லாமல் படித்துப் பாருங்கள், அந்த ஒரு இஞ்ச் வெறும் அளவுப் பிழை மாதிரித் தெரியும்.

அதற்காக உணர்ச்சிச் சொல்லே கூடாது, பழைய உவமையே கூடாது என்று நினைத்துவிடாதீர்கள். குறுந்தொகையின் 167ஆம் பாட்டில் புதுமணப்பெண் ஒருத்தி சமைக்கிறாள். காந்தள் போன்ற விரல், குவளை போன்ற கண், இரண்டும் சங்கப் பாட்டில் அடிக்கடி வருகிற உவமைகள்தான். ஆனால் அந்த விரல் தயிர் பிசைகிறது, அதே கையால் அவள் சேலையைச் சரிசெய்துகொள்கிறாள், துவைக்காமல் அப்படியே உடுத்தியிருக்கிறாள். கண்ணில் தாளிப்புப் புகை ஏறுகிறது. இவ்வளவும் ஆன பிறகு, கணவன் ‘இனிது’ என்று சாப்பிடும்போது, அவள் முகம் மகிழ்ந்தது என்று நேரடியாகவே சொல்லிவிடுகிறார் புலவர். அதுவும் ‘நுண்ணிதின்’, அதாவது தெரிந்தும் தெரியாமலும். தயிரும் புகையும் முன்னால் வந்ததால் அந்த மகிழ்ச்சியை நாம் நம்புகிறோம்.

அதனால் உங்கள் கவிதையில் ஒரு இடத்தில் ‘அழுதேன்’ என்று எழுதலாம். ஆறாவது ஏழாவது வரியில் எழுதுங்கள், முதல் வரியில் வேண்டாம்.

இப்போதைக்கு அம்மாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். கடையைக் காலி செய்தபோது அளவு நோட்டை எடைக்குப் போட்டார்களா, இல்லை பரணில் எங்காவது கிடக்கிறதா? கிடைத்தால் உங்கள் பெயர் போட்ட பக்கத்தைத் திருப்புங்கள்.