மாமாவுக்குப் பிறகு கோயிலில் யார்?

கேள்வி: ஐயா, பட்டர்வொர்த்தில் ஓர் அம்மன் கோயிலில் மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பத்தார்தான் பூஜை. இப்போது செய்பவர் என் பெரிய அண்ணா, வயது 64. அவருக்கு இரண்டும் பெண்கள். காலமான சின்ன அண்ணாவின் மகன் சிங்கப்பூரில் கணினி வேலையில் இருக்கிறான். திருவிழாவுக்கு வந்து ஒத்தாசை செய்வான், "முறை எனக்குத்தான்" என்கிறான். ஆனால் பூஜையில் ஆசை உள்ளவன் என் மகன். 15 வயது, மூன்றாம் படிவம். என் கணவரும் சிவாச்சாரியார் குடும்பம், மகனுக்குப் பூணூல் போட்டாயிற்று. பள்ளியை நிறுத்திவிட்டு உடனே தமிழ்நாட்டுப் பாடசாலைக்கு அனுப்பு என்கிறார் அண்ணா. என்ன செய்யட்டும்?
– ஒரு தாய், பினாங்கு

பதில்: அம்மா, பள்ளியை நிறுத்தாதீர்கள். எஸ்.பி.எம். எழுதட்டும், அப்புறம் போகட்டும்.

உங்கள் அண்ணாவின் அவசரம் எனக்குப் புரிகிறது. அவரோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுங்கள். வேத ஆகமப் பாடசாலைப் படிப்பு ஐந்து ஆறு வருடம் பிடிக்கும். இன்றே அனுப்பினாலும் பையன் திரும்பும்போது அண்ணாவுக்கு 70. எஸ்.பி.எம். முடித்துப் போனால் 72. இரண்டிலுமே நடுவில் அவருக்குத் துணையாக ஒரு குருக்கள் தேவை. அந்த ஆளைத் தேடுவதுதான் இப்போதைய அவசரம். அதற்குப் பள்ளியை நிறுத்தத் தேவையில்லை.

திரும்பி வந்ததும் கோயிலை அவனிடம் ஒப்படைத்துவிடவும் முடியாது. சமய தீட்சை, விசேஷ தீட்சை, நிர்வாண தீட்சை எல்லாம் ஆன பிறகுதான் ஆசார்யாபிஷேகம். அது திருமணமானவருக்கு, மனைவியோடு சேர்த்துச் செய்வது. கோயிலில் பிறருக்காகச் செய்யும் பூஜைக்கு முழுத் தகுதி அதனால்தான் வருகிறது. அதுவரை மாமாவின் கீழ் இருந்து அலங்காரம், நைவேத்தியம், கலச ஸ்தாபனம் என்று ஒவ்வொன்றாகக் கைப்பழக்கம் ஆகட்டும்.

இந்த இரண்டு வருடத்தை வீணாக்காதீர்கள். முதலில் கிரந்த எழுத்து படிக்கட்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் தமிழ் எழுத்தில் அச்சான மந்திரப் புத்தகத்தையே நம்புகிறார்கள். சமஸ்கிருதத்தின் நான்கு ஒலிகளுக்கும் அதில் ஒரே 'க'தான். வல்லோசையும் மெல்லோசையும் கலந்து நாக்கில் படிந்துவிட்டால், பாடசாலையில் முதல் வருடம் முழுக்க அதைத் திருத்தவே போய்விடும். கைப்பேசியில் ஒலிப்பதிவு கேட்டு ருத்ரம் பழகவும் விடாதீர்கள். ஏற்ற இறக்கம் தவறினால் பதிவு அவனை நிறுத்தித் திருத்தாது. மாமா ஒருமுறை சொல்ல, பையன் இரண்டு முறை திருப்பிச் சொல்லும் பழைய சந்தை முறையே போதும், தினமும் அரைமணி நேரம்.

பாடம் பதிந்ததா என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். ருத்ரத்தில் 11 அநுவாகங்கள். ஏதாவது ஒன்றின் நடுவரியைச் சொல்லி, அங்கிருந்து தொடரச் சொல்லுங்கள். மறுபடி 'நமஸ்தே' என்று முதலுக்கே போகிறான் என்றால், வெறும் பழக்க ஓட்டத்தில் சொல்கிறான், இன்னும் மனதில் உட்காரவில்லை.

பாடசாலை பிள்ளையார்பட்டியோ திருப்பரங்குன்றமோ, முதலில் சேர்க்கைக் கடிதம் வாங்கிக்கொண்டு இந்தியத் தூதரகத்தில் எந்த விசா என்று கேளுங்கள். சுற்றுலா விசாவில் போய் வருடக்கணக்கில் தங்கிப் படிக்க முடியாது.

சரி, முறை யாருக்கு? குடும்ப வழக்கப்படி முறை ஆண்வழியில் வருவது. அந்த வகையில் அண்ணா பையன் கேட்பது தப்பில்லை. உங்கள் மகன் தந்தை வழியில் சிவாச்சாரியாராக இருப்பதால் பூஜை செய்யும் தகுதி அவனுக்கு உண்டு, ஆனால் உங்கள் பிறந்த வீட்டு முறை தானாக அவனுக்கு வந்துவிடாது. அண்ணா பையனிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: வேலையை விட்டுவிட்டு, தீட்சை பெற்று, தினமும் விடியற்காலையில் நடை திறக்க வருவானா? வருவான் என்றால் அவனுக்கு முதல் இடம் கொடுங்கள். திருவிழாவுக்கு மட்டும்தான் என்றால், "அத்தை பையன் படிக்கட்டும்" என்று பெரியவர்கள் முன்னால் அவன் வாயாலேயே சொல்லவையுங்கள். இல்லாவிட்டால் ஆறு வருடம் படித்து வந்த பிள்ளையை வாசலில் நிறுத்தி வழக்குப் பேசுவார்கள்.

இந்தப் பேச்சில் ஆலய நிர்வாகத்தை மறந்துவிட்டீர்கள். கோயில் பதிவு பெற்ற சங்கமாக இருந்தால், குருக்களை நியமிப்பது நிர்வாகக் குழு. தமிழ்நாட்டிலேயே அர்ச்சகர் பதவி பரம்பரையாக இறங்குவதை 1971இல் சட்டம் நிறுத்திவிட்டது. அந்தச் சட்டம் இங்கே செல்லாது, ஆனால் மூன்று தலைமுறை என்ற வாய்ப்பேச்சு பினாங்கிலும் குழுவைக் கட்டுப்படுத்தாது. அறக்கட்டளைப் பத்திரத்திலோ சங்க விதியிலோ உங்கள் குடும்பத்தைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், இன்றைய தலைவர் மாறுவதற்குள் அண்ணா ஒரு கடிதம் கொடுக்கட்டும்: மருமகன் படிக்கப் போகிறான், இன்ன வருடம் திரும்புவான், அதுவரை வெளியிலிருந்து வரும் குருக்களின் நியமனம் தற்காலிகம். அதைக் குழுக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லி, ஒரு பிரதி வாங்கி வையுங்கள். திரும்பி வந்தபின் சம்பளத்தோடு இ.பி.எஃப்., சொக்சோவும் கட்ட வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். தட்டுக்காசை மட்டும் நம்பி முதுமைக்கு வந்த குருக்கள்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.