கேள்வி-பதில்: p சின்னதானால் வித்தியாசம் பெரிதா?

கேள்வி: செயலியின் பழைய பதிப்புக்கு 4,000 பேர், புதிய பதிப்புக்கு வேறு 4,000 பேர் 5-க்கு மதிப்பெண் போட்டார்கள். சராசரி 4.06, 4.12. p = 0.007. "மிகப் பெரிய முன்னேற்றம்" என்று அறிக்கையில் எழுதலாமா?

பதில்: கூடாது. இப்படி ஒரு கடிதம் வராத மாதமே இல்லை. திட்ட விலக்கத்தை ஏன் எழுதாமல் விட்டீர்கள்? அது இல்லாமல் வித்தியாசத்தின் அளவைப் பேசவே முடியாது. இத்தகைய மதிப்பீடுகளில் அது ஏறக்குறைய 1 இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டு சராசரிகளின் வித்தியாசம் 0.06. அதை 1-ஆல் வகுத்தால் வருவதுதான் வித்தியாசத்தின் அளவைக் காட்டும் d; இங்கே d = 0.06. அதாவது, ஆளுக்கு ஆள் மதிப்பெண் எவ்வளவு மாறுகிறதோ, அதில் நூற்றில் ஆறு பங்குதான் குழுக்களுக்கு இடையேயான இடைவெளி.

பிறகு p எப்படி அவ்வளவு சின்னதாக வந்தது? p-யைத் தீர்மானிப்பது t என்ற எண்; t பெரிதானால் p சின்னதாகும். இரண்டு குழுவிலும் தலா n பேர் இருந்தால் t = d × √(n/2). n 4,000 ஆனால் வர்க்கமூலம் சுமார் 45, t 2.7 ஆகிவிடுகிறது. ஒவ்வொரு குழுவிலும் 400 பேர் மட்டும் இருந்திருந்தால் t 0.85, p சுமார் 0.4. புதிய பதிப்பு மாறவில்லை, மக்களின் ரசனையும் மாறவில்லை, d-யும் அதே 0.06. மாறியது நீங்கள் கேட்ட ஆட்களின் எண்ணிக்கை மட்டுமே. 0.007 சொல்வது "உண்மையில் வித்தியாசமே இல்லாதிருந்தால் இவ்வளவு இடைவெளி வருவது அரிது" என்பதைத்தான். இடைவெளி பெரிதா சிறிதா என்று அது சொல்லாது.

இன்னொரு விதமாகப் பாருங்கள். புதியதிலிருந்து ஒருவர், பழையதிலிருந்து ஒருவர் என்று கண்ணை மூடிக்கொண்டு 100 ஜோடி எடுங்கள். சமமாக வந்தவற்றைப் பாதிப் பாதியாகப் பிரித்தால், புதியது ஜெயிப்பது சுமார் 52 ஜோடிகளில்.

சராசரிக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்றும் பாருங்கள். 4,000 பேரில் வெறும் 60 பேர் 5-க்குப் பதில் 1 போட்டாலே சராசரி 0.06 இறங்கும். பழைய பதிப்பில் யாரோ சிலருக்கு உள்நுழையவே முடியாமல் போயிருக்கலாம். எல்லோருக்கும் கொஞ்சம் பிடித்துப்போனதும், 60 பேரின் கோபம் தணிந்ததும் ஒன்றல்ல. 1 முதல் 5 வரை ஒவ்வொன்றுக்கும் எத்தனை பேர் என்று ஒரு பட்டை வரைபடம் போட்டால் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அறிக்கை எழுதுங்கள்.

கேள்வி: எனக்கு d = 3.8 வந்திருக்கிறது. இது உலக சாதனையா?

பதில்: திட்ட விலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழுச் சராசரியின் திட்டப் பிழையை, அதாவது திட்ட விலக்கத்தை √n-ஆல் வகுத்ததை, போட்டு வகுத்திருக்கிறீர்கள். மேலே உள்ள கணக்கில் அதே தவறைச் செய்தால் எனக்கும் 3.8 வரும். 5 புள்ளி அளவுகோலில் d 2-ஐத் தாண்டினால் முதலில் வகுத்த எண்ணைச் சரிபாருங்கள்.

கேள்வி: குழுவுக்கு 20 பேர். வித்தியாசம் 0.6, திட்ட விலக்கம் 1, p = 0.065. "வித்தியாசம் இல்லை" என்று முடித்துவிட்டேன். சரிதானே?

பதில்: அவசரப்பட்டுவிட்டீர்கள். d 0.6. முதல் கேள்வி கேட்டவருடையதைப் போல் பத்து மடங்கு. ஆனால் அதன் 95% நம்பக இடைவெளி ஏறக்குறைய 0-வில் தொடங்கி 1.2 வரை போகிறது. ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், மிகப் பெரிதாகவும் இருக்கலாம்; 20 பேரை வைத்து இதற்கு மேல் சொல்ல வழியில்லை. "தெரியவில்லை" என்பதை "இல்லை" என்று எழுதாதீர்கள். குழு இவ்வளவு சிறிதானால் d சற்று மிகையாக வரும். ஹெட்ஜஸ் திருத்தம் போட்டால் 0.59 ஆகும். நம்பக இடைவெளி இல்லாத d-யை அச்சில் ஏற்றாதீர்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது!

கேள்வி: d 0.2 என்றால் சிறிது, 0.5 நடுத்தரம், 0.8 பெரிது. இது போதாதா?

பதில்: அந்த எல்லைகளைக் கொடுத்த கோஹனே, வேறு பிடிமானம் இல்லாதபோது மட்டும் பயன்படுத்தச் சொன்னார். உங்களிடம் பழைய பதிப்புகளின் மதிப்பீடுகள் இருக்கின்றனவே! முந்தைய மாற்றங்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு d தந்தன என்று பார்த்து அதோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: இரண்டு பதிப்பையும் ஒரே ஆட்கள்தான் மதிப்பிட்டார்கள். அதே சூத்திரம்தானா?

பதில்: எதால் வகுத்தீர்கள் என்று சொல்லியாக வேண்டும். சராசரி வித்தியாசம் 0.3, திட்ட விலக்கம் 1, இரண்டு மதிப்பெண்களுக்கும் ஒட்டுறவு 0.8 என்று கொள்வோம். மதிப்பெண்களின் திட்ட விலக்கத்தால் வகுத்தால் 0.3. ஆளுக்கு ஆள் கழித்து வரும் வித்தியாசங்களின் திட்ட விலக்கம் சுமார் 0.63, அதால் வகுத்தால் 0.47. தனித்தனிக் குழுக்களின் ஆய்வோடு ஒப்பிட முதலாவதை எடுங்கள்.